உங்கள் பாடக்குறிப்பு நோட்டில்தான் அந்தக் கடிதம் இருக்கிறது

கேள்வி:

மேடம், எனக்கு 24 வயது. விருதுநகர் மாவட்டம். பி.ஏ. முடித்துவிட்டு பி.பி.எட். படித்தேன். போன வருடம் மே மாதம் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழக கபடி அணியில் இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன். இதுவரை 23 தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், ஒரு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. ஆகஸ்ட்டிலிருந்து எங்கள் ஊரில் 14 பெண் பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் சாயங்காலம் கபடி சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது. இதை அனுபவம் என்று எழுதலாமா? இப்போது மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளி ஆறு முதல் பத்து வரைக்கு உடற்கல்வி ஆசிரியை கேட்டுத் தமிழில் விளம்பரம் கொடுத்திருக்கிறது. என் கவரிங் லெட்டர், பயோடேட்டா, டீச்சிங் பிராக்டிஸ் நோட்டில் ஒரு பாடம், மூன்றையும் இணைத்திருக்கிறேன். கடிதத்தில் என்ன தப்பு என்று சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம்மா. மூன்று தாள்களையும் படித்தேன். கடிதத்தை ஒரு தடவை, பாடக்குறிப்பை இரண்டு தடவை. பாடக்குறிப்பை எழுதிய பெண்ணை நான் உடனே நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருப்பேன். கடிதத்தை எழுதிய பெண்ணைக் கூப்பிடாமல் ஒதுக்கி வைத்திருப்பேன். இரண்டு பேரும் நீங்கள்தான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் உடற்கல்வி ஆசிரியையாகவும் பிறகு உடற்கல்வி இயக்குநராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கும்போது துறை தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னை உட்கார வைப்பார்கள். அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பங்களை முதலில் பிரித்துப் பார்ப்பது என்னைப் போன்ற ஆள் இல்லை. பள்ளி முதல்வர், அல்லது அலுவலகத்தில் ஒருவர். முதல்வர் பெரும்பாலும் கணக்கோ, அறிவியலோ, ஆங்கிலமோ நடத்தியவராக இருப்பார். உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தி பதினோரு வரி. அதில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, ரைடர், கார்னர் என்று வரிசையாக வருகிறது. தென்மண்டலத்துக்கு ஆடப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நல்ல ஆட்டக்காரி என்ற ஒரு எண்ணத்தோடு அந்தப் பத்தியைத் தாண்டிவிடுவார். அதே எண்ணத்தை மற்ற இருபது கடிதங்களும் அவருக்குக் கொடுத்திருக்கும். ஏனென்றால் பி.பி.எட். படித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஏதோ ஒரு விளையாட்டில் நன்றாக ஆடியவர்கள்தான்.

அவர் மனதில் ஓடுவது வேறு. மைதானத்துக்குப் போன வகுப்பு மணி அடித்ததும் திரும்பி வருமா? கால் உடைந்தது, பல் உடைந்தது என்று பெற்றோர் வந்து நிற்பார்களா? ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆசிரியை நிழலில் உட்கார்ந்துவிடுவாரா? ஆட வராத பிள்ளைகள் சுவரோரம் கதை பேசிக்கொண்டிருப்பார்களா? இந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிற கடிதம்தான் தனியாக எடுத்து வைக்கப்படும். நான் பார்த்தவரை அப்படிப்பட்ட கடிதம் பத்தில் ஒன்றுகூட வராது.

உங்கள் கடைசிப் பத்தியில் 'வாய்ப்பளித்தால் தங்கள் பள்ளியை மாநில அளவில் சாம்பியன் ஆக்குவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். கபடி அணி என்றால் மொத்தம் பன்னிரண்டு பேர், களத்தில் ஏழு பேர். ஆறிலிருந்து பத்து வரை வகுப்புக்கு மூன்று பிரிவு வைத்தாலும் அந்தப் பள்ளியில் ஐந்நூறு, அறுநூறு பிள்ளைகள் இருப்பார்கள். நீங்கள் பன்னிரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறீர்கள், முதல்வர் மீதிப் பேரைப் பற்றி யோசிக்கிறார். அதோடு குறுவட்டம், வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று ஏறிப் போவது எத்தனை வருட வேலை என்று தெரிந்த யாராவது அந்த மேசையில் இருந்தால், அனுபவம் இல்லாத பேச்சு என்று அந்த ஒரு வரியிலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் பாடக்குறிப்புக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பு. வருகை 45. நேரம் 40 நிமிடம். வாலிபால், அண்டர் ஆர்ம் பாஸ். பந்து ஆறு. உடல்நிலை காரணமாக விளையாட முடியாதவர்கள் மூன்று பேர். நிமிடக் கணக்கையும் ஓரத்தில் போட்டிருக்கிறீர்கள். வரிசையும் வருகைப் பதிவும் ஐந்து, வார்ம்-அப் எட்டு, திறன் பயிற்சி இருபது, சிறு விளையாட்டு ஐந்து, கூடிக் கலைவது இரண்டு. மீதி 42 பேரை ஏழு ஏழு பேராக ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து. விளையாட முடியாத மூன்று பேருக்கும் ஸ்கோர் அட்டையும் விசிலும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், நோட்டில் எல்லோரும் எழுதுவதுதானே என்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பந்தைப் போட, ஒரு பிள்ளை வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டு வரிசையின் பின்னால் போக, தோராயமாகப் பத்து விநாடி ஆகும். இருபது நிமிடத்தில் 120 முறை. ஒரே பந்தை வைத்து 42 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தால் ஒரு பிள்ளைக்கு மூன்று முறைதான் பந்து வந்திருக்கும். மீதி நேரமெல்லாம் நிற்பது, தள்ளிக்கொள்வது, சண்டை. நீங்கள் ஆறு குழுவாகப் பிரித்ததில் அதே இருபது நிமிடத்தில் கணக்குப்படி ஒரு பிள்ளைக்குப் பதினேழு முறை. பந்து உருண்டு ஓடுவது, எடுத்து வருவது எல்லாம் போனாலும் பத்துக்குக் குறையாது. பிள்ளைகள் கட்டுப்பாடாக இருப்பதும், அடிபடாமல் இருப்பதும், ஏதாவது கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காத்து நிற்கிற பிள்ளைதான் குறும்பு செய்யும்.

இதைக் கடிதத்தில் போடுங்கள். விளையாட்டே தெரியாத முதல்வருக்கும் இது புரியும், ஏனென்றால் அவரும் 45 பிள்ளைகளை எதிரில் வைத்து வகுப்பு எடுத்தவர்தான். கடிதத்தை இப்படி எழுதலாம். அனுப்புநர், பெறுநர், தேதி வழக்கம்போல. பெறுநரில் பள்ளியின் முழுப்பெயர் விளம்பரத்தில் இருக்கிறபடியே வரட்டும்.

பொருள்: உடற்கல்வி ஆசிரியை பணி (வகுப்பு 6 முதல் 10 வரை) – விண்ணப்பம்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.ஏ., பி.பி.எட். முடித்துள்ளேன்.

பயிற்சி ஆசிரியையாக இருந்தபோது ஏழாம் வகுப்பில் 45 மாணவர்களுக்கு வாலிபால் கற்பித்தேன். பள்ளியில் ஆறு பந்துகள் இருந்தன. ஏழு பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்ததால் யாரும் நெடுநேரம் காத்து நிற்கவில்லை. உடல்நிலை காரணமாக விளையாட முடியாத மூன்று பேர் ஸ்கோர் எழுதுதல், நடுவருக்கு உதவுதல் ஆகிய வேலைகளைச் செய்தார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் கடைசி இரண்டு நிமிடம் வகுப்பை வரிசையில் கூட்டி, எண்ணிக்கை சரிபார்த்து அனுப்பினேன். அந்தப் பாடத்தின் குறிப்பை இணைத்துள்ளேன்.

கடந்த ஆகஸ்ட் முதல் எங்கள் ஊரில் 14 பெண் பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் மாலையில் ஊதியமின்றி கபடிப் பயிற்சி அளித்துவருகிறேன். பெற்றோரிடம் நேரில் பேசி ஒப்புதல் பெற்றே பிள்ளைகளைச் சேர்த்தேன். இருட்டுமுன் பயிற்சியை முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழக மகளிர் கபடி அணியில் இரண்டு ஆண்டுகள் விளையாடி, தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றுள்ளேன்.

மாணவியர் அணியைக் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்று, திரும்ப அழைத்து வரும் பொறுப்பை ஏற்கத் தயாராக இருக்கிறேன். தாங்கள் குறிப்பிடும் நாளில் வந்து மாதிரி வகுப்பு எடுக்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், கைபேசி எண்)

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சில இடங்களுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன்.

பதினேழு முறை என்ற கணக்கைக் கடிதத்தில் நான் போடவில்லை, கவனித்தீர்களா? அது நான் இங்கே உட்கார்ந்து போட்ட கணக்கு. நீங்கள் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாத எண்ணை எழுதினால் நேர்முகத்தில் எப்படி எண்ணினீர்கள் என்று கேட்பார்கள். ஆறு பந்து, ஏழு பேர், 45 வருகை, இவை நோட்டில் மேற்பார்வை ஆசிரியரின் கையெழுத்தோடு இருக்கின்றன. அதனால் தைரியமாக எழுதலாம். அதேபோல பெற்றோரிடம் நேரில் பேசினீர்கள், இருட்டுமுன் முடிக்கிறீர்கள் என்று நானாக ஊகித்துத்தான் எழுதியிருக்கிறேன். கிராமத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பயிற்சி என்றால் அப்படிச் செய்யாமல் நடந்திருக்காது. உங்கள் ஊரில் நடந்தது வேறு மாதிரி என்றால் அதை எழுதுங்கள், என் வரியை எடுத்துவிடுங்கள்.

சம்பளம் இல்லாத பயிற்சியை அனுபவம் என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், ஆனால் 'ஊதியமின்றி' என்ற வார்த்தையோடு. அதை மறைத்து 'கபடி பயிற்சியாளர், ஓராண்டு அனுபவம்' என்று பயோடேட்டாவில் போட்டால் அனுபவச் சான்றிதழ் எங்கே என்று முதல் கேள்வியே வரும், கையில் எதுவும் இருக்காது. உள்ளதை உள்ளபடி சொன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. படிப்பு முடிந்து இத்தனை மாதம் என்ன செய்தாய் என்ற கேள்விக்கும் அதுவே பதில். பதினான்கு பேரின் பெயர், வகுப்பு, வந்த நாள், எல்லாவற்றையும் ஒரு வருகைப் பதிவேட்டில் எழுதி வருகிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தொடங்குங்கள். அந்தப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் உங்களைப் பற்றி நான்கு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் அது நல்ல துணை.

தென்மண்டலப் போட்டியைப் பற்றி 'பங்கேற்றுள்ளேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன், உங்கள் பயோடேட்டாவில் இருப்பது பங்கேற்புச் சான்றிதழ்தான் என்பதால். உங்கள் பழைய கடிதத்தில் 'சாதனை புரிந்தேன்' என்று இருந்தது. துறை தெரிந்தவர்கள் சான்றிதழில் முதலில் தேடுவது இடம் பெற்றதா, கலந்துகொண்டதா என்பதைத்தான். கடிதமும் சான்றிதழும் வேறு வேறு சொன்னால் மற்ற எல்லா வரியின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும். மற்ற பதக்கங்கள், சான்றிதழ்கள் எல்லாம் பயோடேட்டாவில் அப்படியே இருக்கட்டும், கடிதத்துக்கு வேண்டாம்.

அணியை அழைத்துச் செல்வது பற்றிய வரியை நீங்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. விளம்பரத்தில் 'ஆசிரியை' என்று குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளை வெளியிடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் கூடவே ஓர் ஆசிரியை போயாக வேண்டும். ஆள் இல்லாமல் மாணவியர் அணியையே பதிவு செய்யாத பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நாளில் ஆட முடியாது என்பதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் ஆண் ஆசிரியரிடம் போய்ச் சொல்ல மாட்டாள், சும்மா வயிற்று வலி என்பாள், அல்லது சொல்லாமலே ஓடுவாள். இதெல்லாம் தெரிந்துதான் பள்ளி ஆசிரியை கேட்கிறது. எல்லாவற்றையும் கடிதத்தில் விளக்க வேண்டியதில்லை, பொறுப்பை ஏற்கிறேன் என்ற ஒரு வரி போதும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம். 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவேன்' என்ற பத்தியை முழுதாக எடுத்துவிட்டேன். குடும்பக் கஷ்டம் பற்றிய இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனதைத் தொட்டது. ஆனால் வேலை கொடுப்பவர் அதைப் படித்துவிட்டு உங்களைத் திறமையான ஆசிரியையாகப் பார்க்க மாட்டார், உதவி கேட்டு வந்தவராகப் பார்ப்பார். சம்பளம் பேசும்போதும் அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

சரி, அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 23 விண்ணப்பங்களும் ஒரே கடிதம்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய நகலில் பெறுநர் இடத்தில் வேறு ஊர்ப் பள்ளியின் பெயர் இருக்கிறது. மதுரை உங்களுக்கு ஒன்றும் தூரம் இல்லை. ஒரு நாள் காலையில் போய் அந்தப் பள்ளியின் மைதானம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தாவது பாருங்கள். வாலிபால் கம்பம் நட்டிருக்கிறார்களா, கபடிக் கோடு போட்டிருக்கிறதா, இல்லை மைதானமே பேருந்து நிறுத்தும் இடமா என்று தெரிந்துவிடும். வாலிபால் மைதானம் ஒன்றுக்கே ஒன்பது மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் இடம் வேண்டும், சுற்றிலும் ஓட இடம் தனி. மதுரை நகருக்குள் இருக்கும் பல பள்ளிகளில் அவ்வளவு இடம் இருக்காது. அப்படிச் சின்ன இடமாக இருந்தால், கடிதத்தில் பாடத்தைப் பற்றிச் சொல்லும் பத்தியின் முடிவில் 'சிறிய இடத்திலும் இதே முறையில் குழுக்களாகப் பிரித்து வகுப்பு நடத்த முடியும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள் என்று அவர்களுக்குப் புரியும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு அனுப்பும்போது கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அங்கே பதினொன்று, பன்னிரண்டில் உடற்கல்வி தனிப் பாடம், எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண். அந்த வகுப்புகளுக்கு எம்.பி.எட். கேட்பார்கள், அதனால் அந்தப் பணிக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கீழ் வகுப்புகளுக்குக் கேட்டால், கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனைகளை, அதாவது 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து எட்டித் தொடுவது போன்றவற்றை, ஒரு வகுப்புக்கு நடத்திப் பதிவு செய்திருந்தால் அதையும் எழுதலாம். அரசுப் பள்ளிப் பணி ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வருவது, அதற்கு இந்தக் கடிதம் எதுவும் தேவையில்லை.

கடிதம் நல்லபடியாக வேலை செய்தால் மாதிரி வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். கடிதத்தில் எழுதியதைத்தான் அங்கே சோதிப்பார்கள். ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நல்ல பதக்கங்களோடு வந்த ஒரு இளைஞர் ஆறாம் வகுப்புக்கு டெமோ எடுத்தார். பேஸ்கட்பால். முதல் பன்னிரண்டு நிமிடம் அவரே டிரிபிள் செய்து காட்டினார், அழகாகவே செய்தார். பிள்ளைகள் வெயிலைப் பார்த்து நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாவது நிமிடம் பின் வரிசையில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

நீங்கள் போனால், காத்திருக்கும் நேரத்தில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கல், கண்ணாடித் துண்டு, குழி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு எத்தனை பந்து தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பந்துதான் என்றால் பந்து தேவையில்லாத பயிற்சியையும் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சுழற்றுங்கள். கபடி எடுக்கச் சொன்னால் முதல் வகுப்பிலேயே பிடி சொல்லித் தராதீர்கள், முன்பின் தெரியாத பிள்ளைகளைத் தொட்டுத் திருத்த வேண்டி வரும். பாடிக்கொண்டு கோட்டைத் தொட்டுத் திரும்பும் ஓட்டம், துரத்திப் பிடிக்கும் சிறு விளையாட்டு, இவை அந்த நேரத்துக்குத் தாராளமாகப் போதும்.

உங்கள் நோட்டின் ஓரத்தில் மேற்பார்வை ஆசிரியர் சிவப்பு மையில் 'பிள்ளைகளை வெயிலுக்கு முகம் காட்டி நிறுத்தியது தவறு, நீ வெயிலைப் பார்த்து நில்' என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை அனுப்பலாமா என்று தயங்கி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். பென்சில் குறியை அழித்துவிட்டு அந்தப் பக்கத்தையே கடிதத்தோடு இணையுங்கள். அடுத்த பாடத்தில் அமைப்பை மாற்றி வரைந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் நேர்முகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். எப்படியும் அதைப் பற்றித்தான் உங்களிடம் முதலில் கேட்பார்கள்.